110 ரூபாவில் நின்ற டொலர்: 2011இல் விற்ற டொலரும் திரும்பி வந்த ரூபாவும்

2011ஆம் ஆண்டின் பிற்பாதியில் இலங்கை மத்திய வங்கி டொலரை விற்றுக்கொண்டே இருந்தது. ஜூலை முடிவில் சுமார் 8 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு, டிசம்பர் முடிவில் ஏறத்தாழ 6 பில்லியனுக்கு இறங்கிவிட்டது. மத்திய வங்கி சந்தையில் டொலரை விற்கும்போது, ஒவ்வொரு டொலருக்கும் 110 ரூபா அளவில் வாங்கிக்கொண்டுதான் கொடுக்கிறது. அப்படி அதன் கைக்குப் போகும் ரூபா, வங்கிகளிடமிருந்து கழிந்துபோன ரூபா. கணக்குப்படி வங்கிகளின் கை இறுகியிருக்க வேண்டும், வட்டி ஏறியிருக்க வேண்டும், கடன் கேட்டுப் போனவர்களைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

திருகோணமலையில் நான் பார்த்தது வேறு. அப்போது நகரத்தில் ஒரு வங்கிக் கிளையில் இறக்குமதி, ஏற்றுமதி ஆவணங்கள் பார்க்கும் மேசையில் வேலை. என்.சி. வீதியிலும் மத்திய வீதியிலும் லீசிங் அலுவலகங்கள் மும்முரமாகக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தன. முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், கை உழவு இயந்திரம், படகு எஞ்சின் எல்லாமே தவணையில் போயின. நாட்டின் டொலர் கரைந்துகொண்டிருந்த அதே மாதங்களில் ரூபாவுக்குத் தட்டுப்பாடே தெரியவில்லை.

விற்ற டொலருக்காக உள்ளே போன ரூபாவை மத்திய வங்கி வேறொரு கதவால் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. வங்கிக்காரர் இதை ஸ்டெரிலைசேஷன் என்பார்கள். நான் இங்கே ஈடுசெய்த தலையீடு என்று எழுதுகிறேன். இந்த ஈடுசெய்தலால் உள்நாட்டுப் பண அளவு ஏன் அசையாமல் நிற்கிறது என்பதைப் பொதுவாகச் சொன்னால் மந்திரம் போலத் தோன்றும். இறக்குமதியாளருக்காக வங்கி கொடுக்கும் கடன் கடிதமான எல்.சி. ஒன்றை மட்டும் பின்தொடர்ந்து போனால் அதில் மந்திரம் எதுவும் இல்லை என்பது தெரியும். அதனால் அப்படியே செய்கிறேன்.

முதலில் அந்த நேரத்துச் சூழ்நிலை. போர் முடிந்து இரண்டு வருடம். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்து, படகுப் பாதையில் காத்துக் கிடந்த காலம் முடிந்திருந்தது. போர்க்காலத்தில் கடலுக்குப் போகும் நேரத்துக்கும் எஞ்சின் வலுவுக்கும் இருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 2010 ஜூனில் அரசாங்கம் வாகன இறக்குமதி வரிகளைப் பெருமளவு குறைத்தது. 2011 ஜனவரியில் மத்திய வங்கி கொள்கை வட்டியையும் குறைத்தது: மத்திய வங்கியில் ரூபா வைக்கும் வங்கிக்குக் கிடைக்கும் மீள்கொள்வனவு வீதம் 7.00, அதனிடம் கடன் எடுக்கும் வங்கி கட்டும் நேர்மாற்று மீள்கொள்வனவு வீதம் 8.50. பல வருடம் அடக்கி வைத்திருந்த தேவை, மலிவான கடன், குறைந்த வரி மூன்றும் ஒன்றுசேர்ந்தன. அந்த வருடம் தனியார் துறைக்கான கடன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வளர்ந்தது. இறக்குமதி 20 பில்லியன் டொலரைத் தாண்டியது, ஏற்றுமதி 10.5 பில்லியன் அளவில்தான் நின்றது. கிட்டத்தட்ட பத்து பில்லியன் இடைவெளியை வெளிநாட்டு உழைப்பு, கடன், சுற்றுலா எல்லாம் சேர்ந்தும் நிரப்ப முடியவில்லை. மிச்சத்தை மத்திய வங்கியின் ஒதுக்கு நிரப்பியது.

இனி அந்த எல்.சி. கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு வியாபாரி ஜப்பானிலிருந்து ஐம்பது படகு எஞ்சின் இறக்குகிறார் என்று வைப்போம். கணக்கு இலேசாக இருப்பதற்காக மொத்த விலையை 100,000 டொலராகவும் நாணய மாற்றை 110 ரூபாவாகவும் எடுக்கிறேன். ரூபாவில் 1 கோடியே 10 இலட்சம்.

ஆவணங்கள் வந்து சேர்ந்ததும் வியாபாரியின் நடைமுறைக் கணக்கிலிருந்து 1 கோடியே 10 இலட்சம் கழிக்கப்படுகிறது. கிளை அதைக் கொழும்புத் தலைமையகத்துக்கு அறிவிக்கிறது. தலைமையகத்தின் திறைசேரிப் பிரிவு வங்கிகளுக்கிடையிலான சந்தையில் 100,000 டொலர் தேடுகிறது. எல்லா வங்கியும் வாங்கத் தேடுகிற நாளில் 110க்கு விற்க ஆள் இல்லை. விலை மேலே போகப் போகிற நேரத்தில் மத்திய வங்கி வந்து 110க்கே விற்கிறது. நியூயோர்க்கில் மத்திய வங்கிக்கு இருக்கும் டொலர் கணக்கிலிருந்து நமது வங்கியின் டொலர் கணக்குக்கு 100,000 மாறுகிறது. அங்கிருந்து அது ஜப்பானிய விற்பனையாளரின் வங்கிக்குப் போய்விடும். கொழும்பில், வங்கிகளின் பணப் பரிமாற்றம் தீரும் லங்கா செட்டில் முறைமையில், நமது வங்கி மத்திய வங்கியில் வைத்திருக்கும் தீர்ப்பனவுக் கணக்கிலிருந்து 1 கோடியே 10 இலட்சம் கழிகிறது.

இந்தக் கடைசி வரியில்தான் விடயம் இருக்கிறது. ஒவ்வொரு வர்த்தக வங்கிக்கும் மத்திய வங்கியில் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குகளில் இருக்கும் மீதியையும் மக்கள் கையிலும் வங்கிகளின் பெட்டகத்திலும் உள்ள நோட்டையும் நாணயத்தையும் கூட்டினால் வருவது ஒதுக்குப் பணம். வங்கிகள் ஒன்றுக்கொன்று கடனைத் தீர்ப்பதும், வைப்புகளில் ஒரு பங்காகச் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய நியதி ஒதுக்கைப் பேணுவதும் இந்தப் பணத்தால்தான். இதை மத்திய வங்கி மட்டுமே உண்டாக்க முடியும், அது மட்டுமே அழிக்க முடியும். மத்திய வங்கியின் ஐந்தொகையில் ஒரு பக்கம் வெளிநாட்டுச் சொத்து 1 கோடியே 10 இலட்சம் குறைந்தது. மறுபக்கம் வங்கிகளுக்குத் தர வேண்டிய பொறுப்பும் அதே அளவு குறைந்தது. அந்த ரூபாவை எடுத்து எங்கும் அடுக்கி வைக்கவில்லை. அது இல்லாமலே போய்விட்டது.

அப்படியே விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு எல்.சி.யால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு வாரத்தில் நாடு முழுக்க இப்படி நூற்றுக்கணக்கான எல்.சி. தீரும்போது வங்கிகளின் தீர்ப்பனவுக் கணக்குகள் வற்றும். அன்றன்றைக்கான கடனுக்கு ஒரு வங்கி இன்னொரு வங்கியைக் கேட்கும், அந்தக் கடனுக்கான அழைப்புப் பண வட்டி ஏறும். இரண்டு மூன்று வாரம் அப்படி நின்றால், புதுக் கடனைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள் என்று கொழும்பிலிருந்து கிளைகளுக்குச் சொல்லிவிடுவார்கள். லீசிங் கட்டணம் ஏறும், அடுத்த ஐம்பது எஞ்சினுக்கு ஓர்டர் கொடுக்க வியாபாரி யோசிப்பார். டொலருக்கான தேவை தானாகவே தணியும். ஈடுசெய்யாத தலையீட்டில் டொலரை விற்பதும் ரூபாவை இறுக்குவதும் ஒரே செயல். அதனால்தான் அது நாணய மாற்று வீதத்தைப் பிடித்து நிறுத்துவதில் வலுவாக இருக்கிறது, அதனால்தான் அது எல்லாருக்கும் வலிக்கவும் செய்கிறது.

2011இல் அந்த வலியை மத்திய வங்கி விரும்பவில்லை. வட்டி குறைவாக இருக்க வேண்டும், டொலர் 110இல் நிற்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டியிருந்தது. ஆகவே அழிந்த ரூபாவைத் திரும்ப உண்டாக்க வேண்டியதாயிற்று.

அதற்கு இரண்டு வழி. முதல் வழி, அரசாங்கம் குறுகிய காலக் கடனுக்காக வெளியிடும் திறைசேரி உண்டியலை வங்கிகளிடமிருந்து வாங்குவது. நமது வங்கியிடம் 1 கோடியே 10 இலட்சம் பெறுமதியான உண்டியல் இருக்கிறது என்று வைப்போம். காகிதம் எதுவும் இல்லை, லங்கா செக்கியூர் பதிவேட்டில் ஒரு வரி. திறந்த சந்தை ஏலத்தில் மத்திய வங்கி அதை வாங்கினால் உண்டியல் அந்தப் பதிவேட்டில் பெயர் மாறும். வங்கியின் தீர்ப்பனவுக் கணக்கில் 1 கோடியே 10 இலட்சம் ஏறும். காலையில் கழிந்த தொகை மாலையில் திரும்பி வந்துவிட்டது. மத்திய வங்கியின் சொத்துப் பக்கத்தில் 100,000 டொலர் இருந்த இடத்தில் இப்போது அரசாங்கத்தின் உண்டியல் இருக்கிறது. பொறுப்புப் பக்கம் முன்பு இருந்தபடியே இருக்கிறது. ஒதுக்குப் பணம் மாறாமல் நிற்பதற்குக் காரணம் இவ்வளவுதான்: ஒரு சொத்தை விற்று அழித்த ரூபாவை, வேறொரு சொத்தை வாங்கித் திரும்ப எழுதிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வர வேண்டும். வங்கியின் கணக்கு நிரம்பிவிட்டது, சரி. வியாபாரியின் கணக்கு? அவருடைய 1 கோடியே 10 இலட்சம் வைப்பு கழிந்தது கழிந்ததுதானே? மக்களின் வைப்புகளையும் சேர்த்துக் கணக்கிடும் விரிந்த பணம் குறைந்துதானே போயிற்று?

உண்மைதான். பல விளக்கங்கள் இந்த இடத்தை விழுங்கிவிடுகின்றன. முதல் வழியில் ஒதுக்குப் பணம் உடனே பழைய அளவுக்கு வரும். விரிந்த பணம் உடனே வராது. ஆனால் கணக்கு நிரம்பிய வங்கி, உண்டியலில் கிடந்த காசைக் கடனாகக் கொடுக்கக்கூடிய நிலையில் இருக்கிறது. ஒருவருக்கு முச்சக்கர வண்டிக் கடனோ இன்னொருவருக்கு வீட்டுக் கடனோ கொடுத்தால் புது வைப்பு ஒன்று பிறக்கும். ஆக, விரிந்த பணம் பழைய அளவுக்கு வருவது வங்கி கடன் கொடுப்பதைப் பொறுத்தது. கடன் கேட்க ஆள் இல்லாத காலத்தில் அது நடக்காமலும் போகலாம். 2011 அப்படிப்பட்ட காலம் இல்லை.

இரண்டாவது வழியில் இந்தக் காத்திருப்பும் இல்லை. அரசாங்கம் புதன்கிழமைகளில் திறைசேரி உண்டியலை ஏலம் விடும். கேட்கும் வட்டிக்குச் சந்தை முழுவதையும் எடுக்காவிட்டால் மிச்சத்தை மத்திய வங்கியே எடுக்க அந்த நாட்களில் சட்டம் இடம் கொடுத்தது. எடுத்ததற்கான காசு மத்திய வங்கியில் உள்ள அரசாங்கத்தின் கணக்கில் ஏறும். அரசாங்கத்தின் வைப்பு ஒதுக்குப் பணத்தில் சேராது. ஆனால் மாத முடிவில் மூதூரில் ஒரு ஆசிரியைக்குச் சம்பளம் போகும்போது, அவருடைய வங்கியின் தீர்ப்பனவுக் கணக்கில் ஒதுக்குப் பணம் ஏறுகிறது, அவருடைய சேமிப்புக் கணக்கில் வைப்பும் ஏறுகிறது. வியாபாரியிடம் கழிந்த வைப்பு ஆசிரியையின் பெயரில் மறுபடி பிறந்துவிட்டது. இரண்டு அளவும், ஒதுக்குப் பணமும் விரிந்த பணமும், பழையபடி. ஜப்பானுக்குப் போன டொலர் மட்டும் திரும்பவில்லை.

ஆண்டின் தொடக்கத்தில் இவ்வளவு பாடுபடத் தேவைகூட இருக்கவில்லை. வங்கிகளிடம் மிதமிஞ்சிய ரூபா கிடந்தது. அதை மத்திய வங்கி ஒவ்வொரு நாளும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. டொலர் விற்பனை தொடங்கியபோது முதலில் கரைந்தது அந்த மிகைதான். மத்திய வங்கி உறிஞ்சுவதைக் குறைத்தாலே போதும், ஈடு தானாக நடந்துவிடும். ஏலம் இல்லை, அறிவிப்பு இல்லை, வெளியில் எதுவும் தெரியாது. மிகை தீர்ந்த பிறகுதான் உண்டியல் வாங்குவது கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது.

நாடு முழுவதற்குமான எண்களைப் பார்த்தால் எவ்வளவு ஈடு நடந்தது என்று புரியும். 8 பில்லியனிலிருந்து 6 பில்லியனுக்கு என்றால் 2 பில்லியன் டொலர். 110ஆல் பெருக்கினால் 220 பில்லியன் ரூபா. 2011 முடிவில் இலங்கையின் முழு ஒதுக்குப் பணமே சுமார் 440 பில்லியன் ரூபாதான். அதில் பாதிக்குச் சமமான தொகை அரை வருடத்தில் அழிந்திருக்கக்கூடும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டு ஒதுக்கு குறைந்தது முழுக்கச் சந்தை விற்பனையால் அல்ல, அரசாங்கத்தின் வெளிநாட்டுக் கடன் கட்டியதும் அதில் உண்டு. இருந்தாலும் அளவு புரிகிறது. ஒதுக்குப் பணமோ பாதியாகவில்லை. முந்திய ஆண்டு முடிவில் சுமார் 360 பில்லியனாக இருந்தது 440 ஆகக் கூடியிருந்தது. விரிந்த பணமும் 19 வீதம் அளவில் வளர்ந்தது.

அந்த 80 பில்லியன் கூடுதலை முழுக்க ஈடுசெய்தலின் கணக்கில் போடுவதும் பிழை. ஈடு சரியாக இருந்தால் மிஞ்சுவது பூச்சியம்தான். கூடிப்போனதில் ஒரு பங்கு 2011 ஏப்ரலில் நியதி ஒதுக்கு வீதத்தை 7இலிருந்து 8 ஆக உயர்த்தியதால் வந்தது, ஏனென்றால் வங்கிகள் அதே வைப்புக்கு மத்திய வங்கியில் கூடுதலாக வைத்திருக்க வேண்டியிருந்தது. மிச்சம், அழிந்ததற்கு ஈடு என்ற எல்லையைத் தாண்டிப் புதிதாக உண்டாக்கிய பணம். என் பார்வையில் 2011இன் உண்மையான பிழை இதுதான். ஈடுசெய்வதே நாணயத்தின் மேலுள்ள அழுத்தத்தை அப்படியே வைத்திருக்கும். ஈட்டுக்கு மேலே போவது அந்த அழுத்தத்தை வளர்க்கும்.

மேசையில் இருந்தபடி அந்த அழுத்தம் வளர்வதை நான் பார்த்தேன். ஒக்டோபர் வாக்கில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

“தம்பி, தொண்ணூறு நாள் தவணை இருக்கு. அப்ப கட்டுறதா, இல்ல இப்பவே லோன் எடுத்துக் கட்டிப்போடுறதா?”

“எனக்குத் தெரியாது, நானா. கணக்கைப் போட்டுக் காட்டுறன், நீங்க முடிவெடுங்க.”

கணக்கு இப்படி. 1 கோடியே 10 இலட்சத்துக்கு வருடம் 12 வீத வட்டியில் தொண்ணூறு நாள் கடன் எடுத்தால் வட்டி ஏறக்குறைய 3 இலட்சத்து 25 ஆயிரம். டொலர் 110இலேயே நின்றால் அந்தக் காசு வீண். 113.90க்கு ஏறினால் பொறுத்திருந்தவர் 3 இலட்சத்து 90 ஆயிரம் கூடக் கட்ட வேண்டிவரும். முன்கூட்டிக் கட்டியவருக்கு இலாபம். 130க்குப் போனால் 20 இலட்சம் வித்தியாசம். ஏற வாய்ப்பு உண்டு, இறங்க வாய்ப்பே இல்லை என்று எல்லாரும் நம்பும் விலையில், ரூபாக் கடன் எடுத்து டொலரை முன்கூட்டி வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஏற்றுமதிக்காரர் அதையே மறுபக்கமாகச் செய்தார்; வந்த டொலரை மாற்றாமல் வைத்துக்கொண்டு, அன்றாடச் செலவுக்கு ரூபாக் கடன் எடுத்தார்.

இந்தக் கணக்கைச் சாத்தியமாக்கியதே ஈடுசெய்தல்தான். ரூபா இறுகியிருந்தால் அந்த 12 வீதம் 16 ஆகவோ 18 ஆகவோ போயிருக்கும். பலருக்குக் கடனே கிடைத்திருக்காது. வட்டி அசையாததால் முன்கூட்டி வாங்குவதும் நிற்கவில்லை. மத்திய வங்கி இன்று விற்ற டொலருக்கான ரூபாவே உண்டியல் வழியாகத் திரும்பி வந்து, கடனாக மாறி, நாளைக்கு அதே கதவில் டொலர் கேட்டது. பண அளவு மாறாமல் நின்றது ஒரு சாதனையாகத் தோன்றலாம். பண அளவும் வட்டியும் மாறாதபோது டொலரைத் தேடும் காரணமும் மாறுவதில்லை. அதனால் ஈடுசெய்த விற்பனைக்கு நாணயத்தை நகர்த்த மிஞ்சும் பலம் சிறியது: சந்தையில் ரூபா உண்டியலும் டொலரும் இருக்கும் விகிதம் கொஞ்சம் மாறும், மத்திய வங்கி இந்த விலையைக் காக்கிறது என்ற செய்தி கொஞ்ச நாள் வேலை செய்யும். ஒரு வார அலையை அடக்க அது போதும். ஏற்றுமதி ஒரு மாதம் குறைந்து அடுத்த மாதம் திரும்பும் என்றால் அதுவே சரியான கருவியும்கூட. பத்து பில்லியன் வர்த்தக இடைவெளிக்கு அது போதாது.

விற்பனைப் பக்கத்தில் எல்லை தெளிவானது. ரூபாவை எவ்வளவும் எழுதலாம். டொலரை எழுத முடியாது. 2011 நவம்பர் வரவுசெலவுத் திட்ட உரையில் ரூபாவின் மதிப்பை 3 வீதம் இறக்குவதாக அறிவித்தார்கள். டொலர் 113.90க்குப் போய் அங்கே நிறுத்தப்பட்டது. மூன்று வீதம் போதும் என்று சந்தை நம்பவில்லை, விற்பனை தொடர்ந்தது. 2012 பெப்ரவரியில் மத்திய வங்கி முதலில் கொள்கை வட்டியை அரை வீதம் உயர்த்தியது, சில நாளில் டொலர் விற்பதைச் சுருக்கிக்கொண்டு விலையை விட்டுவிட்டது. எரிபொருள் விலையும் அதே மாதம் ஏறியது. வங்கிகள் அந்த வருடம் கடனை 18 வீதத்துக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று உச்சவரம்பும் வைத்தார்கள். வருட நடுவில் டொலர் 130ஐத் தாண்டி, ஆண்டு முடிவில் 127 அளவில் நின்றது. இறக்குமதி 20.3 பில்லியனிலிருந்து 19.2 பில்லியன் அளவுக்கு இறங்கியது. ஆறு மாதம் டொலர் விற்றுச் செய்ய முடியாததை வட்டியும் கடன் உச்சவரம்பும் விலையும் சேர்ந்து செய்தன.

நடக்கும்போதே இதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும், கொழும்பில் ஆள் தேவையில்லை. மத்திய வங்கி வாரந்தோறும் வெளியிடும் பொருளாதாரக் குறிகாட்டிகளில் மூன்று வரியை அருகருகே எழுதிப் பார்த்தால் போதும்: வெளிநாட்டு ஒதுக்கு, மத்திய வங்கியிடம் உள்ள திறைசேரி உண்டியல், ஒதுக்குப் பணம். முதலாவது இறங்கி, இரண்டாவது ஏறி, மூன்றாவது அசையாமல் இருந்தால் அது ஈடுசெய்த விற்பனை. முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்து இறங்கினால் ஈடு இல்லை. முதலாவது இறங்கும்போதே மூன்றாவது ஏறினால், நியதி ஒதுக்கு வீதம் மாறியதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது மாறவில்லை என்றால் ஈட்டுக்கு மேலே பணம் உண்டாகிறது. இவற்றோடு அழைப்புப் பண வட்டியையும் பார்க்கலாம். டொலருக்கு இவ்வளவு அடிபிடி இருக்கும்போது அந்த வட்டி மட்டும் அமைதியாகக் கிடந்தால், யாரோ ரூபாவை நிரப்புகிறார்கள் என்றுதான் பொருள்.

இதே மூன்று வரி 2021இல் இன்னும் பெரிய எழுத்தில் வந்தது. ஒதுக்கு 2020 முடிவில் 5.7 பில்லியன், 2021 முடிவில் 3.1 பில்லியன், அதிலும் சுமார் பாதி உடனே செலவழிக்க முடியாத சீன நாணய மாற்று ஒப்பந்தத் தொகை. மத்திய வங்கியிடம் இருந்த உண்டியல் 1.4 டிரில்லியன் ரூபா அளவுக்கு ஏறியிருந்தது. அதில் பெரும்பகுதி ஈடுசெய்தல் அல்ல, வரவுசெலவுப் பற்றாக்குறைக்கு நேரடியாகக் கொடுத்த பணம். 200 அளவில் கட்டி வைத்திருந்த டொலரை 2022 மார்ச் 7ஆம் திகதி அவிழ்த்துவிட்டபோது இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. அடுத்த வருடம் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்திடமிருந்து நேரடியாக உண்டியல் வாங்குவதைத் தடை செய்தது. மேலே சொன்ன இரண்டாவது வழி அதோடு மூடப்பட்டது.

அதன் பிறகு ஆற்றின் ஓட்டம் எதிர்ப்பக்கம் திரும்பியது. 2024இல் மத்திய வங்கி சந்தையிலிருந்து தேறிய அளவில் 2.8 பில்லியன் டொலர் வாங்கியது. கட்டாரில் வேலை செய்யும் கிண்ணியாப் பெண் ஒருவர் 500 டொலர் அனுப்பினால், 300 ரூபா வீதம் 150,000 ரூபா வீட்டுக்காரரின் கணக்கில் ஏறுகிறது. அந்த டொலரை வங்கியிடமிருந்து மத்திய வங்கி வாங்கும்போது புதிதாக 150,000 ரூபா ஒதுக்குப் பணம் பிறக்கிறது. ஈடுசெய்ய வேண்டுமானால் இம்முறை உண்டியலை வாங்குவதற்குப் பதிலாக விற்க வேண்டும், அல்லது கையில் உள்ளது முதிர்ந்து கழிய விட வேண்டும், அல்லது வங்கிகளிடமிருந்து ரூபாவை வட்டிக்கு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் திசையில் டொலர் தீர்ந்துபோகும் பயம் இல்லை. செலவு வட்டியில் இருக்கிறது. வாங்கிய டொலரை அமெரிக்க உண்டியலில் போட்டால் 2024இல் 5 வீதம் அளவில் கிடைத்தது. உறிஞ்சிய ரூபாவுக்கு இங்கே 8 வீதம் அளவில் கொடுக்க வேண்டியிருந்தது. நூறு ரூபாவுக்கு வருடம் மூன்று ரூபா மத்திய வங்கியின் கையிலிருந்து போனது. ரூபா வலுத்தால் வைத்திருக்கும் டொலரின் ரூபாப் பெறுமதியும் குறையும்.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாமல் போகிறது. வங்கிகள் தங்கள் மிகை ரூபாவை ஓரிரவுக்கு மத்திய வங்கியில் வைக்கும் நிலையான வைப்பு வசதி ஒதுக்குப் பணக் கணக்கில் சேராது. ஆகவே 150,000 ரூபா பிறந்து, அன்றைக்கே அந்த வசதியில் போய் உட்கார்ந்தால், வாராந்த அட்டவணையில் ஒதுக்குப் பணம் அசையாதது போலவே தெரியும். கணக்கில் அது ஈடுசெய்த கொள்வனவுதான். ஆனால் உண்டியலை விற்று உறிஞ்சிய ரூபா அந்த உண்டியல் முதிரும்வரை வங்கிகளின் கைக்கு எட்டாமல் கிடக்கும். ஓரிரவு வைப்பில் இருக்கும் ரூபாவை வங்கி அடுத்த நாள் காலையிலேயே எடுத்துக் கடனாகக் கொடுத்துவிடலாம். அதனால் 2024க்குப் பிறகு அந்த அட்டவணையைப் படிப்பவர்கள் பழைய மூன்று வரியோடு நான்காவதாக வங்கிகளின் ஓரிரவு மிகையையும் எழுதிக்கொள்ள வேண்டும். இறக்குமதிக் கடன் திரும்பவும் சூடுபிடித்தால் முதலில் இறங்கும் எண் அதுவாகத்தான் இருக்கும்.